சரக்கு இருக்கிறது, மெஷின் இல்லை: எம்ஆர்பி போடும் தேதி ஏன் தவறுகிறது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே பேசப்போகும் எம்ஆர்பி, பிஸ்கட் பாக்கெட்டில் அச்சிடும் விலை அல்ல. ‘மெட்டீரியல் ரெக்வயர்மென்ட்ஸ் பிளானிங்’ என்பதன் சுருக்கம். எந்தப் பாகம், எத்தனை, எந்தத் தேதிக்கு வேண்டும் என்று தொழிற்சாலைக்குக் கணக்குப் போட்டுத் தரும் முறை.

1960களில் அமெரிக்காவில் இது உருவானது. இதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஜோசப் ஓர்லிக்கி. டிராக்டர் செய்யும் ஜே.ஐ. கேஸ் நிறுவனத்தில் இருந்தவர், பிறகு ஐபிஎம்முக்குப் போனவர். டிராக்டர் என்பதை நினைத்துப் பார்த்தாலே அவர் எந்தத் தலைவலிக்கு மருந்து தேடினார் என்பது புரியும். ஆயிரக்கணக்கான பாகங்கள், ஒரு போல்ட் வராவிட்டாலும் வண்டி லைனில் நிற்கும். அங்கே உற்பத்தியைத் தடுப்பது பொருள்தான். எனவே எம்ஆர்பி பொருளை எண்ணுகிறது. டெலிவரி தேதியிலிருந்து பின்னோக்கி வந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘லீட் டைம்’ என்று முன்பே பதிந்து வைத்த நாட்களைக் கழித்து, இந்தத் தேதியில் வேலையைத் தொடங்கு என்கிறது.

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு, குறிச்சி பக்கம் இருக்கும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்கு இந்தத் தலைவலி கிடையாது. காஸ்டிங் பெரும்பாலும் பார்ட்டியே கொடுத்துவிடுவார். கம்பி வேண்டுமென்றால் ஒரு போனில் வந்து இறங்கும். அங்கே இல்லாதது விஎம்சியில், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மில்லிங் மெஷினில், காலி நேரம். இரண்டு லேத், ஒரு கிரைண்டர், ஒரே ஒரு விஎம்சி என்று இருக்கும் பட்டறையில் எல்லா வேலையும் அந்த ஒரு மெஷின் முன்னால்தான் வரிசை கட்டும். இப்படிப்பட்ட இடத்தில் எம்ஆர்பி எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஆனால் பட்டறையில் இருந்தவர்களுக்குப் பழகிய அளவுகள்தான்.

ஒரு ஷிஃப்ட். டீ, சாப்பாடு, சுத்தம் செய்வது எல்லாம் போக மெஷின் ஓடுவது நாளுக்கு 8 மணி நேரம். கையில் நான்கு ஆர்டர்கள், நான்குக்கும் டெலிவரி 12ஆம் வேலைநாள் மாலை. பம்ப் ஷாஃப்ட்டுக்கு லேத்தில் 8 மணி, கீவே போட விஎம்சியில் 10 மணி, கிரைண்டிங் 16 மணி. வால்வ் பாடிக்கு லேத்தில் 6, விஎம்சியில் 24, பிசிர் எடுத்து லீக் டெஸ்ட் பார்க்க 8. கியர்பாக்ஸ் கவருக்கு லேத் வேலையே இல்லை. விஎம்சியில் 20, டேப்பிங்குக்கு 4. ஃபிக்சர் பிளேட்டுக்கும் லேத் இல்லை. விஎம்சியில் 18, கடைசி வேலை 4. செட்டிங் நேரமும் இதற்குள்ளேயே அடக்கம்.

எம்ஆர்பியில் பதிந்த லீட் டைம் இது: லேத்துக்கு 3 நாள், விஎம்சிக்கு 6 நாள், முடிப்பு வேலைக்கு 3 நாள். 12ஆம் நாளிலிருந்து பின்னோக்கி வந்தால் நான்கு வேலைகளுக்கும் விஎம்சி தேதி ஒன்றேதான்: 4ஆம் நாள் காலை முதல் 9ஆம் நாள் மாலை வரை. அந்த 6 நாளில் விஎம்சி தரக்கூடியது 48 மணி. நான்கு வேலைகளும் சேர்ந்து கேட்பது 72 மணி. எம்ஆர்பி இதைப் பார்த்து முகம்கூடச் சுளிக்காது. அதன் கணக்கில் ஒவ்வொரு வேலையும் தனித்தனி. பக்கத்து வேலையும் அதே மெஷினைத்தான் கேட்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. நான்கு என்ன, நாற்பது வேலை வந்தாலும் விஎம்சி 6 நாளில் முடித்துத் தரும் என்றே எடுத்துக்கொள்ளும். மெஷினின் கொள்ளளவு முடிவற்றது என்ற எண்ணம் அதற்குள் ஊறியிருக்கிறது.

அந்தத் தேதிகளை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும்? முதல் 3 நாள் விஎம்சி சும்மா நிற்கும், ஏனென்றால் கவருக்கும் பிளேட்டுக்கும் ஜாப் கார்டே 4ஆம் நாள்தான் வரும். 1ஆம் நாள் காலையிலிருந்து வேலை மணிகளாக எண்ணினால், 24ஆவது மணியில் விஎம்சி ஓடத் தொடங்கினால் 72 மணி வேலை முடிய 96ஆவது மணி, அதாவது 12ஆம் நாள் மாலை ஆகிவிடும். கடைசியாக விஎம்சியை விட்டு இறங்கியது ஷாஃப்ட் என்றால் அதற்கு இன்னும் 16 மணி கிரைண்டிங் பாக்கி. இரண்டு நாள் தாமதம். பட்டறையில் அத்தனை மெஷினும் நன்றாக இருந்து, அத்தனை சரக்கும் கையில் இருந்து வந்த தாமதம் இது.

நிஜத்தில் ஒரு நல்ல சூப்பர்வைசர் இப்படி விடமாட்டார். விஎம்சி சும்மா நிற்பதைப் பார்த்ததும் லேத்திலிருந்து இறங்கிய ஷாஃப்டை எடுத்து ஏற்றிவிடுவார். ஸ்டோர்ஸில் கேட்டுக் கவரையும் வாங்கிவிடுவார். கம்ப்யூட்டர் சொன்னதைக் கேட்காததால் டெலிவரி தப்பிக்கிறது. பல பட்டறைகளில் ‘எங்கள் சிஸ்டம் நன்றாக ஓடுகிறது’ என்று முதலாளி சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒருவர் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். அவர் ஒரு வாரம் லீவு போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

அவர் மனக்கணக்காகச் செய்வதைத்தான் ‘ஃபைனைட் கெப்பாசிட்டி ஷெட்யூலிங்’ முறையாகச் செய்கிறது. மெஷினுக்கு நாளுக்கு 8 மணிதான் உண்டு; அதில் ஒரு வேலை உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் அடுத்த வேலைக்கு இல்லை. பஸ்ஸில் ஸீட் ரிசர்வ் செய்வது போல. வேலையைத் தேதியில் எழுதாமல், மெஷினின் மணிகளில் எழுதுவதுதான் அடிப்படை மாற்றம்.

அதே நான்கு வேலைகளை இப்போது விஎம்சியை மையமாக வைத்து அடுக்கலாம். முதல் கேள்வி: 1ஆம் நாள் காலையிலேயே விஎம்சியில் ஏறத் தயாராக இருப்பது எது? லேத் வேலை இல்லாத கவர். அது 0 முதல் 20ஆவது மணி வரை. அதற்குள் லேத்தில் ஷாஃப்ட் 8ஆவது மணிக்கும் வால்வ் பாடி 14ஆவது மணிக்கும் இறங்கிவிடும். அடுத்த கேள்வி: விஎம்சிக்குப் பிறகு யாருக்கு நீண்ட வால் இருக்கிறது? 16 மணி கிரைண்டிங் உள்ள ஷாஃப்டுக்கு. எனவே 20 முதல் 30 வரை ஷாஃப்ட், 30 முதல் 54 வரை வால்வ் பாடி, வாலே இல்லாதது போன்ற பிளேட் 54 முதல் 72 வரை. ஷாஃப்ட் 46ஆவது மணிக்குக் கிரைண்டரை விட்டு இறங்குகிறது, வால்வ் பாடி 62இல் முடிகிறது, பிளேட் 76இல். கடைசி வேலையும் 10ஆம் நாள் மதியம் கையில் இருக்கிறது. கெடுவுக்கு 20 மணி மிச்சம். ஒரு டூல் உடைந்தாலும் ஸ்பிண்டில் ஒரு நாள் படுத்துவிட்டாலும் தாங்கும்.

கவனிக்கவேண்டியது ஒன்று: கவரின் காஸ்டிங் 4ஆம் நாளுக்குப் பதில் 1ஆம் நாள் காலையே வேண்டும். பிளேட்டுக்கான தகடு 7ஆம் நாள் வந்தால் போதும். அதாவது பொருளின் தேதியை மெஷின் அட்டவணை முடிவு செய்கிறது. எம்ஆர்பி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. எத்தனை காஸ்டிங், எத்தனை ஸீல் என்று எண்ண அது வேண்டும். தேதி போடும் வேலையை மட்டும் அதனிடமிருந்து எடுத்துவிட வேண்டும்.

சில சாஃப்ட்வேர்களில் எம்ஆர்பிக்குப் பின்னால் லோடு ரிப்போர்ட் ஒன்று வரும். விஎம்சி 150 சதவீதம் என்று சிவப்பாகக் காட்டும். காட்டுவதோடு சரி, எந்த வேலையையும் நகர்த்தாது. மிஞ்சும் 24 மணி வேலையை எங்கே தள்ளுவது என்பது திரும்பவும் சூப்பர்வைசர் தலையில்.

இதைவிட மோசமானது தாமதத்துக்குப் பிறகு நடப்பது. விஎம்சிக்கு 6 நாள் போதவில்லை, 9 நாள் ஆக்கு என்று திட்டமிடுபவர் லீட் டைமை உயர்த்துகிறார். நியாயமாகத்தான் தோன்றும். உடனே எம்ஆர்பி எல்லா வேலைகளையும் 3 நாள் முன்னதாகப் பட்டறைக்குள் அனுப்புகிறது. விஎம்சியோ அதே 8 மணிதான் ஓடுகிறது. முன்னால் குவியல் மட்டும் உயர்கிறது. 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி ஒன்று உண்டு: காத்திருக்கும் நேரம் என்பது வரிசையின் நீளத்தை, அது கரையும் வேகத்தால் வகுத்தால் வருவது. விஎம்சி முன்னால் 72 மணி வேலை கிடந்தால் புதிதாக வரும் காஸ்டிங் 9 நாள் கழித்துத்தான் மெஷினைத் தொடும். 9 நாள் என்று போட்டோம், 9 நாள் ஆகிறது, பார்த்தீர்களா என்பார் அவர். அடுத்த தடவை 12 ஆக்குவார். நம் ஷாஃப்டின் உண்மையான வேலை மூன்று மெஷினிலும் சேர்த்து 34 மணிதான். லீட் டைமில் அதற்கு ஒதுக்கியது 96 மணி. மீதி முழுவதும் தரையில் கிடக்கும் நேரம்.

இனி ஃபைனைட் கெப்பாசிட்டி ஷெட்யூலிங்கின் பலவீனம். நான்கு வேலைகளை ஒரு மெஷினில் 24 விதமாக வரிசைப்படுத்தலாம். பத்து வேலை என்றால் 36 லட்சத்துக்கும் மேல். பல மெஷின்கள் சேர்ந்தால் கணக்கு கைமீறிப் போகும். 1963இல் 10 வேலை, 10 மெஷின் கொண்ட ஒரு புதிர் அச்சானது. எல்லா வேலையும் முடிய ஆகும் மிகக் குறைந்த நேரம் 930 அலகு என்பது 1980களின் கடைசியில்தான் நிரூபணமானது. அதனால் சாஃப்ட்வேர் விற்பவர் ‘மிகச் சிறந்த அட்டவணை’ என்றால் நம்பவேண்டாம். நாம் மேலே செய்தது போல, யார் தயார், யாருக்கு வால் நீளம், யாருக்குக் கெடு பக்கம் என்ற விதிகளை வைத்து நல்லதாக ஒன்றைத் தேடித் தரும். பட்டறைக்கு அது போதும்.

நடைமுறையில் அட்டவணையைக் கெடுப்பது கணிதத்தைவிட, ரூட்டிங்கில், அதாவது எந்த வேலைக்கு எந்த மெஷினில் எத்தனை மணி என்ற பட்டியலில், எழுதிய நேரம்தான். வால்வ் பாடிக்கு 24 மணி என்று எழுதியிருக்கும். முதல் துண்டை அப்ரூவ் செய்யக் காத்திருந்தது, இன்சர்ட் மாற்றியது எல்லாம் சேர்ந்து 30 ஆகும். திங்கட்கிழமை போட்ட அட்டவணை புதன்கிழமையே காகிதமாகிவிடும். எல்லா மெஷினுக்கும் நேரம் அளக்க வேண்டியதில்லை. விஎம்சிக்கு மட்டும் எழுதிய நேரம், ஆன நேரம் என்று இரண்டு பத்தி நோட்டில் ஒரு மாதம் பதிந்தால் போதும். லேத் கணக்கு இரண்டு மணி தவறினாலும் விஎம்சி காலியாக நிற்காதவரை டெலிவரி அசையாது.

மெஷின் மட்டுமே தடை என்று நினைப்பதும் தவறாகலாம். விஎம்சியும் சிஎன்சி லேத்தும் காலி, ஆனால் இரண்டுக்கும் ஆஃப்செட் போடத் தெரிந்த செட்டர் ஒருவர்தான் என்றால், அட்டவணையில் இடம் பிடிக்கவேண்டியது அவருடைய மணிகள். ஒரே ஃபிக்சர் இரண்டு வேலைக்கு என்றாலும் அதேதான். ஆர்டர் கலவை மாறும்போது தடையும் நகரும்: இந்த வாரம் விஎம்சி முன்னால் குவியல், அடுத்த வாரம் ஷாஃப்ட் அதிகம் வந்தால் கிரைண்டர் முன்னால். தரையில் எங்கே சரக்கு ஒதுங்குகிறது என்று வாரம் ஒருமுறை நடந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு போன் வருவதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது ஆர்டர்: விஎம்சியில் 30 மணி, முடிப்பு 4 மணி, லேத் இல்லை, அதே 12ஆம் நாள் வேண்டும் என்கிறார். எம்ஆர்பி சரக்கைப் பார்த்துச் சரி என்றுவிடும். மெஷின் அட்டவணையில் விஎம்சி காலியாவது 72ஆவது மணியில். 102இல் முடியும், முடிப்போடு 106. அதாவது 14ஆம் நாள் காலை. 12ஆம் நாளே வேண்டுமென்றால் விஎம்சி வேலை 92ஆவது மணிக்குள் இறங்கவேண்டும், குறைவது 10 மணி. அப்படியானால் விஎம்சி ஆபரேட்டரை மட்டும் நான்கு நாள் மாலையில் இரண்டரை மணி நேரம் கூடுதலாக நிறுத்தவேண்டும். லேத்காரர் 5 மணிக்கே வீட்டுக்குப் போகலாம். அந்த 10 மணி ஓவர்டைம் செலவை யார் தருவது என்பதைப் பார்ட்டியிடம் அந்தப் போனிலேயே பேசிவிடலாம்.