0.25 என்றால் கால் பங்குதான் செரிக்குமா?

புரதப் பொடிகளின் தரத்துக்கு மதிப்பெண் தரும் அட்டவணையில், பால் திரிந்த நீரிலிருந்து எடுக்கும் வே புரதத்துக்கு 1.00, சோயாவுக்கும் கிட்டத்தட்ட 1.00, பட்டாணிக்கு 0.9-ஐ ஒட்டி, கோதுமைப் புரதமான குளூட்டனுக்கு வெறும் 0.25 என்று இருக்கிறது. "அப்படியென்றால் கோதுமைப் புரதத்தில் முக்கால் பங்கு செரிக்காமல் வீணாகப் போகிறதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. குளூட்டன் ஏறக்குறைய 95 சதவீதம் செரித்துவிடும். மதிப்பெண்ணை இழுத்துப் பிடிப்பது செரிமானம் அல்ல, லைசின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம்.

பி.டி.சி.ஏ.ஏ.எஸ். எனப்படும் இந்த மதிப்பெண்ணில் இரண்டு எண்கள் பெருக்கப்படுகின்றன. முதலாவது, ஒரு கிராம் புரதத்தில் உள்ள ஒவ்வொரு இன்றியமையாத அமினோ அமிலத்தையும் 2 முதல் 5 வயதுக் குழந்தையின் தேவையால் வகுத்து, அதில் கிடைக்கும் மிகக் குறைந்த விகிதம். இரண்டாவது, செரிமான விகிதம். குளூட்டனில் கிராமுக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம் லைசின் உண்டு, தேவை 58. எனவே 16 ÷ 58 = 0.28. அதை 0.95-ஆல் பெருக்கினால் 0.26.

மிகக் குறைந்ததை மட்டும் எடுப்பது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் செல்லுக்குள் நடப்பது அதுதான். ரைபோசோம் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதச் சங்கிலி பின்னுகிறது. லைசின் வரவேண்டிய இடத்தில் வேறொன்றை வைக்க முடியாது. லைசினுக்குத் தட்டுப்பாடு வந்தால் மற்றவை எவ்வளவு இருந்தும் பயனில்லை; அவற்றைச் சேமித்து வைக்கக் கிடங்கும் கிடையாது. கல்லீரல் அவற்றின் நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக்கிவிடும், மிச்சம் எரிபொருளாகிவிடும். செரித்தும் புரதமாகாமல் போவது இப்படித்தான். வளர்ந்தவர்களுக்குத் தேவை 45 மில்லிகிராம்தான் என்பதால் அவர்கள் கணக்கில் கோதுமை சற்று மேலே வரும், அப்போதும் 0.36-ஐத் தாண்டாது.

என்னை மிகவும் உறுத்துவது, 1.00-க்கு மேல் வரும் எதையும் இந்த முறை வெட்டிவிடுவது. வே புரதத்தில் கிராமுக்குச் சுமார் 95 மில்லிகிராம் லைசின், சோயாவில் சுமார் 63. தனியாகப் பார்த்தால் இரண்டுமே தேவையை எட்டிவிடுகின்றன. இப்போது ஒவ்வொன்றையும் கோதுமைப் புரதத்தோடு சரிபாதியாகக் கலந்து பாருங்கள். வே கலவையில் லைசின் (95 + 16) ÷ 2 = 55.5, அதாவது தேவையில் 0.96. சோயா கலவையில் (63 + 16) ÷ 2 = 39.5, வெறும் 0.68. ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பொடிகளில் ஒன்று கோதுமையின் பள்ளத்தைக் கிட்டத்தட்ட நிரப்புகிறது, மற்றொன்றால் பாதி வழிதான் வர முடிகிறது. இதனால்தான் கலவைப் பொடிக்கு மதிப்பெண்களைச் சராசரி எடுக்கக் கூடாது. அமினோ அமிலங்களைக் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.

பட்டாணியின் கதை நேர் எதிர். லைசின் சுமார் 70, தாராளம். குறைவது கந்தகம் உள்ள மெத்தியோனினும் சிஸ்டீனும்: தேவை 25, இருப்பது சுமார் 22. குளூட்டனிலோ இவை 36-ஐ ஒட்டி இருக்கின்றன. ஏழு பங்கு பட்டாணிப் புரதத்தோடு மூன்று பங்கு கோதுமைப் புரதம் சேர்த்தால் கந்தகக் குறை தீர்கிறது. லைசினும் 54 அளவில் நிற்கிறது. மட்டமான மதிப்பெண் வாங்கியது நல்லதை இன்னும் நல்லதாக்குகிறது!

செரிமான விகிதத்திலும் ஒரு கோளாறு உண்டு. பழைய முறை, எலிகளுக்குக் கொடுத்த நைட்ரஜனில் எவ்வளவு மலத்தில் வெளியேறுகிறது என்று பார்க்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய புரதத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் சிதைத்து அமோனியாவாக்கும். அது உறிஞ்சப்பட்டு யூரியாவாகிச் சிறுநீரில் போகும். மலத்தில் அந்த நைட்ரஜன் இல்லை என்பதால் கணக்கில் அது "செரித்தது" ஆகிவிடும், உடலுக்கு ஒரு அமினோ அமிலமும் கிடைக்காமலே. இதைத் திருத்தத்தான் 2013 அறிக்கையில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் டி.ஐ.ஏ.ஏ.எஸ். முறையைப் பரிந்துரைத்தது. இது சிறுகுடலின் முடிவிலேயே, ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் தனித்தனியாக அளக்கிறது, 1.00-இல் வெட்டுவதும் இல்லை. ஒரு சோதனையில் சுத்திகரித்த வே 1.09, சோயா 0.90, பட்டாணி 0.82 பெற்றன. சோயாவுக்கும் வேக்கும் இடையே மறைந்திருந்த இடைவெளி வெளியே வந்துவிட்டது. ஆனால் சிறுகுடல் முடிவிலிருந்து மாதிரி எடுக்க, பெரும்பாலும் அங்கே குழாய் பொருத்திய பன்றிகளைப் பயன்படுத்துகிறார்கள். செலவும் உழைப்பும் அதிகம். பொதுப் பணம் இந்த அளவீடுகளுக்குத்தான் போக வேண்டும் என்பேன்.

அதுவரை பொடி வாங்குபவர்கள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, டப்பாவில் அமினோ அமிலப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். லைசினின் மில்லிகிராமை மொத்தப் புரத கிராமால் வகுங்கள். 20 கிராம் புரதத்தில் 1,900 மில்லிகிராம் லைசின் என்றால் கிராமுக்கு 95. அதே 20 கிராமில் 800 மட்டும் என்றால் கிராமுக்கு 40. முன்பக்கத்தில் "சோயா" என்று எழுதியிருந்தாலும் உள்ளே மலிவான கோதுமைப் புரதம் கலந்திருக்க வாய்ப்புண்டு.