வயிற்றைப் பிரட்டுகிறது, சர்க்கரை 17: கேஸ்ட்ரிக் என்று விட்டுவிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓர் அம்மா எனக்கு போன் செய்தார். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர், மகனுக்குப் பதினேழு வயது, முதல் வகை இனிப்பு நீர். "மிஸ்ஸி, இவனுக்குக் காலையிலேர்ந்து வயித்தப் பிரட்டுதாம். ராத்திரியும் சாப்பிடல. கேஸ்ட்ரிக்தான்னு நெனைக்கிறேன், மருந்து குடுக்கலாமா?"

சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். ஆறு மணிக்கு லிட்டருக்கு 19.2 மில்லிமோல் இருந்ததாம், வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மூன்று யூனிட் போட்டு நிறையத் தண்ணீர் கொடுத்திருக்கிறார், இப்போது 16.8. இறங்குகிறதே என்று அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. எனக்கு அந்த நிம்மதி வரவில்லை, ஏனென்றால் பையன் சாப்பிடவில்லை என்பதால் ராத்திரி போட வேண்டிய நீண்ட நேர இன்சுலினையும் போடவேண்டாம் என்று அவரே நிறுத்தியிருக்கிறார். இந்தத் தவற்றை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அந்த ஊசி சாப்பாட்டுக்காகப் போடுவது அல்ல. நாம் சாப்பிடாத நேரத்திலும் ஈரல் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டேதான் இருக்கும், அதைப் பிடித்து வைப்பதும் கொழுப்பு கரைந்து கீட்டோனாக மாறாமல் தடுப்பதும் அந்த இன்சுலின்தான்.

"அக்கா, கீட்டோன் ஸ்ட்ரிப் வாங்கி வச்சீங்களே, அத எடுங்க" என்றேன். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பில் இது தெரியாது, தனி ஸ்ட்ரிப் வேண்டும், அதை ஏற்கும் மீட்டரும் வேண்டும். பார்த்தார்கள்: 1.8.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது? 0.6-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 0.6 முதல் 1.5 வரை ஏறத் தொடங்கியிருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. 3-ஐத் தொட்டால் நேராக மருத்துவமனைதான். விரதம் இருந்தாலும் கீட்டோன் கொஞ்சம் ஏறும், ஆனால் அப்போது சர்க்கரை கூடியிருக்காது. சர்க்கரையும் கூடி கீட்டோனும் கூடினால் உடம்பில் இன்சுலின் பற்றவில்லை என்றுதான் அர்த்தம்.

கீட்டோன் ஓர் அமிலம். முதலில் ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் அதைத் தாங்கிக்கொள்ளும், அது குறையக் குறைய உடம்பு மூச்சை ஆழமாகவும் வேகமாகவும் விட்டு ஈடுகட்டப் பார்க்கும், அதற்கும் முடியாதபோதுதான் ரத்தத்தில் அமிலத்தன்மை ஆபத்தான அளவுக்குக் கூடும். அந்த மூச்சை ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலர் கொடுத்த வீடும் உண்டு. குமட்டல் இதற்கெல்லாம் முன்னாலேயே வந்துவிடலாம், அதனால்தான் அந்த நேரத்தில் கையில் இருக்கும் கீட்டோன் எண்ணை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்.

பையனின் நோய்நாள் திட்டத்தில் மருத்துவர் எழுதி வைத்திருந்தார்: கீட்டோன் 1.5-க்கு மேல் போனால் ஒரு நாள் மொத்த இன்சுலினில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக. அவனுக்கு ஒரு நாளைக்கு 40 யூனிட், ஆக 4 யூனிட். விட்டுப்போன ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டேன், உடனே போடச் சொன்னார். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கச் சொன்னேன். (உங்கள் அளவு வேறாக இருக்கும், அதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.)

பத்து மணிக்கு சர்க்கரை 14.1. கீட்டோன் 2.7. இரண்டு தடவை வாந்தி.

பலர் ஏமாறுவது இங்கேதான். சர்க்கரை 19-லிருந்து 14-க்கு வந்துவிட்டதே, சரியாகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் தண்ணீர் குடித்தாலும் சர்க்கரை சிறுநீரில் வெளியேறினாலும்கூட அந்த எண் இறங்கும், அதற்குள் கீட்டோன் ஏறிக்கொண்டே போகலாம். இரண்டும் எதிரெதிராகப் போனால் கீட்டோனைத்தான் நம்ப வேண்டும். சிறுநீர் ஸ்ட்ரிப்பை வைத்துத் திருப்தி அடையாதீர்கள். அது காட்டுவது வேறு வகைக் கீட்டோனை, அதுவும் சில மணி நேரமாகச் சிறுநீர்ப்பையில் சேர்ந்ததை, இந்த நிமிடத்து நிலையை அல்ல.

வாந்தி நிற்காதபோது வீட்டில் இன்னும் இன்சுலின் ஏற்றிப் பார்ப்பது சரியில்லை. உடம்பில் நீர் வற்றும், பொட்டாசியமும் இறங்கும், அதை ரத்தத்தில் அளந்துதான் ஈடுகட்ட முடியும். "கெளம்புங்க அக்கா, கார்ல யாராவது கூட உக்காரட்டும்" என்றேன்.

மருத்துவமனையில் கீட்டோன் 2.9, பி.எச். 7.32, பைகார்பனேட் 17. ரத்தம் அமிலமாகும் அந்த ஆபத்தின் வாசல்படியில் நின்றிருக்கிறான், இன்னும் உள்ளே விழவில்லை. டிரிப்பும் இன்சுலினும் போனதில் மாலைக்குள் கீட்டோன் 0.5.

அவசரப் பிரிவுக் கவுண்டரில் "வாந்தி" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்லிவிடலாம். அந்த அம்மாவுக்கு நான் போனிலேயே மனப்பாடம் செய்யவைத்த வாக்கியம் இது: "முதல் வகை இனிப்பு நீர், ரத்தக் கீட்டோன் 2.7, வாந்தி நிற்கவில்லை." மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டே அதைச் சொன்னாராம், உடனே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.