அப்பாவின் ஜி.எஸ்.டி. எண் கடைக்குச் சொந்தமானதல்ல

இந்த மாதத்தில் இதே சிக்கலோடு என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் இது. பெயின்ட் கடை நடத்தி வந்தவர் காலமாகிப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. மகன் அப்பாவின் ஜி.எஸ்.டி. எண்ணிலேயே பில் போட்டு, அப்பாவின் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டே மாதாமாதம் ரிட்டர்னும் தாக்கல் செய்து வந்திருக்கிறார். ரீசார்ஜ் செய்யாத சிம் செயலிழந்த பிறகுதான் என்னிடம் வந்தார். "வரி பாக்கியே இல்லையே சார், இதில் என்ன தவறு?" என்று கேட்டார்.

தனிநபர் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண் உரிமையாளரின் பான் எண்ணை வைத்துக் கொடுக்கப்படுகிறது. கடையையும் சரக்கையும் மகன் வாரிசாகப் பெறலாம். பான் எண்ணைப் பெற முடியாது. அப்பா இறந்த நாளிலிருந்து நடக்கும் வியாபாரம் மகனுடையது. தொடர்ந்து நடத்துவதென்றால் அவர் 30 நாட்களுக்குள் தன் பான் எண்ணில் புதிய பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். பழைய எண் தானாகவே காலாவதியாகிவிடும் என்று இருந்துவிடுபவர்களும் உண்டு. ஜி.எஸ்.டி. அலுவலகம் ரத்து செய்யும்வரை அது உயிரோடுதான் இருக்கும். விற்பனையே இல்லாவிட்டாலும், தாக்கல் செய்யாத ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும்.

இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அந்தப் பகுதி ஜி.எஸ்.டி. அலுவலரிடம் போனோம். தளத்தில் அப்பாவின் கணக்கிலிருந்த செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றிய பிறகுதான் உள்ளே நுழைய முடிந்தது.

இனிமேல்தான் பலர் சறுக்குகிறார்கள். பதற்றத்தில் முதலில் பழைய எண்ணை ரத்து செய்யும் விண்ணப்பத்தைப் போட்டுவிடாதீர்கள். இந்தக் கடையின் கணக்கில், சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்கான உள்ளீட்டு வரி வரவு 1,40,000 ரூபாய் மீதமிருந்தது. அதை மகனின் புதிய எண்ணுக்கு மாற்ற, பழைய எண்ணிலிருந்து ITC-02 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அதுவும் ரத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே. 2019 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே முதலில் மகனுக்குப் புதிய பதிவு, அடுத்து நிலுவை ரிட்டர்ன்கள், பிறகு ITC-02. மகன் தன் கணக்கில் அதை ஏற்றுக்கொண்ட பிறகே ரத்துக்கான REG-16 விண்ணப்பத்தைக் கொடுத்தோம். ரத்து உத்தரவு வந்த பின் மூன்று மாதத்துக்குள் GSTR-10 என்ற இறுதி ரிட்டர்ன். அதை மறந்தவர்களுக்குத்தான் பிறகு நோட்டீஸ் வருகிறது.

"அப்பாவின் பாக்கியை நான் ஏன் கட்ட வேண்டும்?" என்று சண்டைக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். வியாபாரத்தைத் தொடர்ந்தால் பழைய வரி, வட்டி, அபராதம் எல்லாம் வாரிசின் பொறுப்பு. மூடிவிட்டால், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே கட்டினால் போதும். வாரிசின் சொந்தச் சம்பாத்தியம் அதில் சேராது. சட்டத்தின் 93ஆம் பிரிவு இது. பயந்து ஒளிய வேண்டாம்.

துக்க வீட்டில் இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்: பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ரத்து உத்தரவு கைக்கு வரும்வரை அப்பாவின் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்து வையுங்கள். வங்கிக் குறுஞ்செய்திகளும் நோட்டீஸ் தகவல்களும் அதற்குத்தான் வரும். ஆனால் அப்பாவின் ஜி.எஸ்.டி. எண்ணில் ஒரு பில்கூடப் போடாதீர்கள்.