டயாஃப்ரம்: சொல்லும் பொருளும் தமிழும்

டயாஃப்ரம் என்ற சொல்லை அகராதியில் தேடினால் முதலில் வருவது உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சு வாங்க உதவும் தசை அது. உதரம் என்றால் வயிறு, விதானம் என்றால் மேற்கட்டி. இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. அந்தத் தசைக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் டயாஃப்ரம் என்ற பெயரில் ஒரு கருத்தடைச் சாதனமும் இருக்கிறது. அதற்கும் இதே தமிழ்ச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். பெங்களூரில் ஒரு மருத்துவமனைக்குத் தமிழ் விளக்கத்தாள்கள் எழுதிக் கொடுக்கிறேன். ஆங்கிலம், கன்னடம் இரண்டிலும் தாள் இருந்தும் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரத்துப் பெண்கள் பலர் தமிழ்த் தாளைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். அதில் ‘உதரவிதானத்தைப் பெண்ணுறுப்புக்குள் பொருத்தவும்’ என்று அச்சானால் படிப்பவர் என்ன செய்வார்?

மூலச் சொல் கிரேக்கம். ‘டயா’ என்றால் குறுக்கே, ‘ஃப்ராக்மா’ என்றால் வேலி. குறுக்கே போட்ட தடுப்பு என்பதுதான் முதல் பொருள். உடலில் அந்தத் தசைக்கு இந்தப் பெயர் பழங்காலத்திலேயே வந்துவிட்டது. கருத்தடைச் சாதனம் மிகவும் பிந்தியது. 1880-களில் ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் மென்சிங்கா என்ற மருத்துவர், விளிம்பில் சுருள்கம்பி வைத்த ரப்பர்க் கிண்ணம் ஒன்றைப் பற்றி எழுதினார். ஆம்ஸ்டர்டாமில் அலெட்டா ஜேக்கப்ஸ் என்ற பெண் மருத்துவர் அதைத் தம்மிடம் வந்த பெண்களுக்குப் பொருத்திக் கொடுத்தார். அதனால் ‘டச்சு மூடி’ என்ற பெயரும் அதற்கு உண்டு.

குறுக்கே என்றால் எதற்குக் குறுக்கே என்பதுதான் இங்கே முக்கியம். டயாஃப்ரத்தின் பின் விளிம்பு கருப்பை வாய்க்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் உட்காரும். முன் விளிம்பு, முன்பக்க இடுப்பெலும்புக்குப் பின்னால் செருகி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் கிண்ணம் சாய்வாக நின்று கருப்பை வாயை மறைக்கும். அது கருப்பை வாயைப் பிடித்துக்கொள்வதில்லை. யோனிச் சுவர்களுக்கு நடுவே கட்டிய திரையைப் போலக் குறுக்கே நிற்கிறது. அதனால் ‘கருத்தடைத் திரை’ என்று எழுதுகிறேன். ‘தடுப்புச் சவ்வு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. சவ்வு என்றதும் கன்னிச்சவ்வு நினைவுக்கு வந்து குழப்பும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

விளிம்பு சுவரை ஒட்டித்தான் நிற்கிறது, முழுதாக அடைத்துவிடுவதில்லை. உடலுறவின்போது யோனி விரியும், திரை சற்று நகரும், இடுக்கு வழியே விந்தணு நுழைய இடம் கிடைக்கும். ஆகவே திரையை வெறுமனே வைக்கக் கூடாது. விந்தணுக்கொல்லி ஜெல்லியை ஒரு ஸ்பூன் அளவு கிண்ணத்தின் உள்ளே விட்டு, விளிம்பிலும் தடவித்தான் வைக்க வேண்டும். வைத்த பிறகு விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ரப்பரின் வழியே கருப்பை வாய் மூக்கு நுனி மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டால் இடம் சரி. தட்டுப்படவில்லை என்றாலோ, முன் விளிம்பு எலும்புக்குப் பின்னால் நிற்காமல் வழுக்கி இறங்கினாலோ எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். உடலுறவு முடிந்து குறைந்தது 6 மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். அதற்குள் மறுபடி உறவு கொண்டால் திரையை எடுக்காமல் மேலும் ஜெல்லியை உள்ளே செலுத்த வேண்டும். மொத்தம் 24 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. அபூர்வமாக, நச்சுத்தொற்றால் உயிருக்கே ஆபத்து வரலாம். திடீர்க் காய்ச்சல், உடலில் தடிப்பு, மயக்கம் வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பழைய வகைகள் பல அளவுகளில் வரும். இடுப்பைப் பரிசோதித்து மருத்துவரோ செவிலியரோ அளவைத் தேர்ந்து கொடுக்க வேண்டும். குழந்தை பிறந்த பிறகு அளவு மாறும். குறைந்தது 6 வாரம் பொறுத்து மறுபடி அளவு பார்க்க வேண்டும். 1952-இல் தொடங்கிய நம் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் டயாஃப்ரமும் ஜெல்லியும் கொடுத்தார்கள். கழுவத் தண்ணீர், வைக்கவும் எடுக்கவும் தனியிடம், அளவெடுக்கப் பயிற்சி பெற்ற ஆள் ஆகிய மூன்றும் இல்லாத வீடுகளில் அது நிலைக்கவில்லை. 1960-களில் கருப்பைக்குள் வைக்கும் வளையம் வந்ததும் அது பின்னுக்குப் போயிற்று. இன்று பெங்களூர் மருந்துக் கடைகளிலும் கேட்டவுடன் எடுத்துத் தர மாட்டார்கள்.

இதனோடு கலந்து பேசப்படுவது செர்விகல் கேப். செர்விக்ஸ் என்றால் லத்தீனில் கழுத்து. கருப்பையின் அடிப்பகுதி கழுத்து மாதிரி குறுகுவதால் அந்தப் பெயர். நாம் அதைக் கருப்பை வாய் என்கிறோம். இந்தக் கேப், திரையைப் போலச் சுவரில் நிற்பதில்லை. சிறிய கோப்பையாகக் கருப்பை வாயையே கவ்விப் பிடிக்கும். அதனால் இதற்கு ‘கருப்பை வாய் மூடி’ என்ற பெயர் சரியாகப் பொருந்துகிறது. இதிலும் விந்தணுக்கொல்லி வேண்டும், 6 மணி நேரக் கணக்கும் உண்டு. 48 மணி நேரம் வரை உள்ளே இருக்கலாம்.

ஒன்று சுவரில் நிற்கிறது, ஒன்று கருப்பை வாயைக் கவ்வுகிறது. இந்த வேறுபாடு எண்களில் தெரியும். எந்தத் தடுப்பும் இல்லாமல் உறவு கொள்ளும் 100 பெண்களில் ஓராண்டுக்குள் சுமார் 85 பேர் கருவுறுவார்கள். ஜெல்லியோடு திரையைப் பயன்படுத்தினால், சில நாள் மறந்து சில நாள் அவசரத்தில் வைக்கும் வழக்கமான பயன்பாட்டில் அது சுமார் 17. ஒவ்வொரு முறையும் சரியாக வைத்தாலும் 16. மூடியில் கதை வேறு. குழந்தை பெறாதவர்களில் வழக்கமான பயன்பாட்டில் 16, சரியாக வைத்தால் 9. குழந்தை பெற்றவர்களிலோ 32, சரியாக வைத்தாலும் 26. பிரசவத்தில் கருப்பை வாய் விரிந்து அதன் வடிவம் மாறிவிடுவதால் மூடிக்குப் பிடிமானம் குறைகிறது.

தாளைப் படித்துவிட்டு அல்சூர்ப் பெண் ஒருவர் என்னைக் கேட்டார்: “அக்கா, எங்க நாத்தனார் அமெரிக்காவிலிருந்து மூடி ஒண்ணு அனுப்பியிருக்காங்க. குழந்தைக்கு எட்டு மாசம். மாத்திரை எனக்கு ஒத்துக்கலை. இதைப் போட்டா போதுமா?” சுகப் பிரசவம்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பெட்டியைப் பார்த்தேன். ஃபெம்கேப் என்ற வகை. 22, 26, 30 மில்லிமீட்டர் என்று மூன்று அளவில் வருவது. கருவுறாதவர்களுக்கு 22. கருவுற்றும் சுகப் பிரசவம் ஆகாதவர்களுக்கு, அதாவது கலைந்தவர்களுக்கும் சிசேரியன் ஆனவர்களுக்கும் 26. சுகப் பிரசவம் ஆனவர்களுக்கு 30. வந்திருந்தது 26. நாத்தனாருக்குச் சிசேரியன், தனக்குப் பொருந்துவதையே வாங்கி அனுப்பிவிட்டார். இவருக்கு அது தளர்ந்து கழன்றுவிடும் அளவு. 30 கிடைத்தாலும் அவர் 32 பேர் என்ற கணக்கில்தான் வருவார். மூன்றில் ஒருவர் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்போ வேற என்ன இருக்கு?” என்றார்.

மருத்துவர் முதலில் சொன்னது காப்பர் டி. 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் அது தவறும். பால் கொடுப்பவர்களும் வைத்துக்கொள்ளலாம். அதை யோசித்து முடிவெடுக்கும் வரைக்கும் பெண்ணுறையா, கணவர் ஆணுறை போடுவதா என்று பேச்சு வந்தது.

பெண்ணுறை என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. காண்டம் என்ற சொல்லின் பிறப்பு யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரில் ஒரு மருத்துவர் இருந்தார் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. பெண்ணுறை இரண்டு முனையிலும் வளையம் உள்ள மெல்லிய பை. மூடிய முனையின் வளையத்தை நசுக்கி உள்ளே தள்ளி, கருப்பை வாய் வரை கொண்டுபோக வேண்டும். திறந்த முனையின் வளையம் வெளியே, உறுப்பின் மேல் படிந்திருக்க வேண்டும். அளவெடுக்க வேண்டாம், ஜெல்லி மருந்தும் வேண்டாம். திரை, மூடி, விந்தணுக்கொல்லி, பெண்ணுறை ஆகிய நான்கில் எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினை நோய்களிலிருந்து காப்பது இது மட்டுமே. ஒரு முறைக்கு ஒன்று.

இதன் எண்கள்: வழக்கமான பயன்பாட்டில் 21, சரியாகப் பயன்படுத்தினால் 5. திரையில் இந்த இடைவெளி 17-க்கும் 16-க்கும் இருந்தது. திரை சரியாக வைத்தாலும் தவறுகிறது. பெண்ணுறை பெரும்பாலும் வைக்கும் விதத்தில் தவறுகிறது, பழகினால் குறைக்கலாம். தவறுவது பெரும்பாலும் இரண்டு விதமாக. ஆணுறுப்பு பைக்குள் போகாமல், பைக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்துவிடும். அல்லது வெளி வளையமே உள்ளே இழுபட்டுவிடும். நுழையும்போது வெளி வளையத்தைக் கையால் பிடித்து வழிகாட்டினால் இரண்டையும் தவிர்க்கலாம். ஆணுறையோடு சேர்த்துப் போடக் கூடாது. உரசி நழுவும், கிழியும்.

மிஞ்சியது ஸ்பெர்மிசைடு. ஸ்பெர்மா என்றால் கிரேக்கத்தில் விதை. பின்னொட்டு லத்தீன், கொல்வது என்று பொருள். விந்துக்கொல்லி என்றும் எழுதுகிறார்கள். கொல்வது அணுவைத்தான் என்பதால் விந்தணுக்கொல்லி என்பதே சரி. பெரும்பாலானவற்றில் இருப்பது நோனாக்ஸினால்-9. இது சோப்பின் இனத்தைச் சேர்ந்தது. விந்தணுவின் மேல்சவ்வைக் கரைத்து உடைக்கும். மாத்திரை வடிவில் உள்ளதை ஆழமாக வைத்து, கரைவதற்கு 10 முதல் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் போனால் பலன் குறையும். தனியாகப் பயன்படுத்தினால் 21, சரியாகச் செய்தாலும் 16.

இதில் ஒரு எச்சரிக்கையைத் தாளில் தடித்த எழுத்தில் போடச் சொன்னேன். விந்தணுவின் சவ்வைக் கரைப்பது யோனிச் சுவரின் மேல்தோலையும் அரிக்கும். நாளுக்குப் பல முறை பயன்படுத்துகிறவர்களுக்குப் புண் ஏற்பட்டு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே தொற்று அபாயம் உள்ளவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது. திரையும் மூடியும் இதோடு சேர்ந்தே வருவதால் அவற்றுக்கும் இதே விதிதான். திரை வைக்கிறவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதும் உண்டு.

அல்சூர்ப் பெண் அன்று பெண்ணுறை இரண்டு வாங்கிப் போனார். கூடவே ஒன்று சொல்லி அனுப்பினோம். உறை கிழிந்தாலோ திரை நழுவினாலோ மாதவிலக்கு வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் போடுகிறாரோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 5 நாளுக்குள் காப்பர் டி வைத்துக்கொண்டாலும் அந்தக் கருவைத் தடுக்கலாம். அதன் பிறகு தொடர்ந்தும் காக்கும்.