ஒரு பெரிய கட்டமும் மூன்று சிறிய கட்டங்களும்

இயந்திரக் கற்றல் படித்துவரும் மாணவி ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். கிரெடிட் கார்டு மோசடிகளைக் கண்டுபிடிப்பதற்காக அவர் பயிற்றுவித்த மாடலின் கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ் அது, அதாவது மாடல் எவற்றைச் சரியாகவும் எவற்றைத் தவறாகவும் கணித்தது என்று எண்ணிக் காட்டும் அணி. இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை, நான்கு கட்டங்கள். மேல் வரிசையில் `5.7e+04`, `8` என்றும் கீழ் வரிசையில் `36`, `62` என்றும் இருந்தன. இடது மேல் கட்டம் மட்டும் வெளிர் நிறத்தில் இருக்க, மற்ற மூன்றும் ஏறக்குறைய ஒரே கறுப்பாகத் தெரிந்தன. படத்துக்குக் கீழே `0.9992` என்று அக்யூரசி அச்சாகியிருந்தது. "சார், 99.92 விழுக்காடு வந்துவிட்டது, இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட தரவு இத்துறையில் பலருக்கும் பழக்கமானது. 2013 செப்டம்பரில் ஐரோப்பிய அட்டைதாரர்கள் இரண்டு நாட்களில் செய்த 2,84,807 பரிவர்த்தனைகள் அதில் உள்ளன. அவற்றில் மோசடி என்று குறிக்கப்பட்டவை 492 மட்டுமே, அதாவது ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை. பிரசல்ஸ் பல்கலைக்கழகம் ஒன்றின் இயந்திரக் கற்றல் குழு இதைப் பொதுவில் வெளியிட்டது. மாணவி இதில் ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கென ஒதுக்கியிருந்தார். இரு வகைகளின் விகிதம் மாறாமல் பிரித்ததால், சோதனைப் பகுதியில் 56,864 நேர்மையான பரிவர்த்தனைகளும் 98 மோசடிகளும் வந்திருந்தன.

கணக்குக்குள் போகுமுன் படத்தைப் படிக்க வேண்டும், அதில்தான் பலர் முதலில் சறுக்குகிறார்கள். எந்தப் பக்கம் உண்மை, எந்தப் பக்கம் மாடலின் கணிப்பு என்று படத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. பாடநூல்கள் சில உண்மையை வரிசையிலும், சில நெடுவரிசையிலும் வைக்கின்றன. சைகிட்-லேர்ன் என்ற பைதான் நூலகத்தில் வரிசை என்பது உண்மை, நெடுவரிசை என்பது கணிப்பு. ஆனால் `confusion_matrix(y_test, y_pred)` என்பதில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி எழுதிவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராமலே அணி திரும்பிக்கொள்ளும். இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சோதனைப் பகுதியில் மோசடிகள் 98 என்பது நமக்கு முன்பே தெரியும். கீழ் வரிசையைக் கூட்டினால் 36 + 62 = 98 வருகிறது. வலது நெடுவரிசையைக் கூட்டினால் 70 வருகிறது. ஆகவே வரிசைதான் உண்மை. இனி நான்கு கட்டங்களுக்கும் பொருள் சொல்லலாம்: 62 மோசடிகளை மாடல் பிடித்தது, 36 மோசடிகளைத் தவறவிட்டது, 8 நேர்மையான பரிவர்த்தனைகளை மோசடி என்று பொய்யாக எச்சரித்தது, எஞ்சிய நேர்மையானவற்றை நேர்மையானவை என்றே விட்டுவிட்டது.

அந்த எஞ்சியவை எத்தனை என்பது படத்தில் சரியாகத் தெரியவில்லை. சீபார்ன் என்ற வரைபட நூலகம் வரையும் ஹீட்மேப், எண்ணை எப்படி அச்சிட வேண்டும் என்று சொல்லாவிட்டால், இரண்டு முக்கிய இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் 56,856 என்பது `5.7e+04` ஆகிவிட்டது. இப்படி எழுதினால் முழு எண்ணாக வரும்:

```
sns.heatmap(cm, annot=True, fmt="d")
```

ஆனால் நான் அவரிடம் இதை உடனே திருத்தச் சொல்லவில்லை. அந்த எண் தெரியாமலே, தேவையான கணக்கு முழுவதையும் போட்டுவிட முடியும் என்பதை அவர் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இந்தப் படத்தில் கற்றுக்கொள்ள இருப்பதிலேயே முக்கியமானது அதுதான்.

அக்யூரசி என்பது மொத்தக் கணிப்புகளில் சரியானவற்றின் பங்கு. இங்கே சரியானவை 56,856 + 62 = 56,918. மொத்தமான 56,962-ஆல் வகுத்தால் 99.92 விழுக்காடு. இந்தக் கூட்டலில் மாடல் பிடித்த 62 மோசடிகளின் பங்கு எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள். 62-க்குப் பதில் பூஜ்யம் என்று வைத்தாலும் மூன்றாவது இலக்கம்தான் அசையும். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வரி போதும். எந்தப் பரிவர்த்தனையையும் பார்க்காமல், எல்லாவற்றையும் நேர்மையானது என்று சொல்லும் ஒரு போலி மாடலை எடுத்துக்கொள்வோம்:

```
print(accuracy_score(y_test, [0] * len(y_test)))
```

விடை 0.9983. ஒரு மோசடியையும் பிடிக்காத, எதையும் கற்காத அந்த வரிக்கு 99.83 விழுக்காடு. மாணவியின் மாடல் அதைவிட ஒரு விழுக்காட்டுப் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட உயரவில்லை. அவருடைய மாடல் பயனற்றது என்பது இதற்குப் பொருளல்ல, 62 மோசடிகளைப் பிடித்தது உண்மையான வேலை. அந்த வேலையைக் காட்டுகிற கண் அக்யூரசிக்கு இல்லை என்பதே பொருள். ஒரு வகை மிக அரிதாக இருக்கும்போது, பெரும்பான்மை வகையைச் சரியாகச் சொன்ன அந்த ஒரு கட்டமே தொகுதியையும் பகுதியையும் நிரப்பிவிடுகிறது. இந்தத் தரவோடு வெளியிடப்பட்ட குறிப்பிலேயே, இவ்வளவு சமமற்ற வகைகளுக்கு அக்யூரசி பொருள்தராது என்று எச்சரித்திருக்கிறார்கள்.

தமிழில் எழுதும்போது ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. அக்யூரசி, பிரிசிஷன் இரண்டையுமே நாம் பழக்கத்தால் 'துல்லியம்' என்று சொல்லிவிடுகிறோம். இந்தத் துறையில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான கதைகளைச் சொல்லக்கூடியவை. ஆகவே தமிழ்ச் சொல் ஒன்று நிலைபெறும்வரை ஆங்கிலப் பெயர்களையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பிரிசிஷன் கேட்கும் கேள்வி, மாடல் மோசடி என்று கைகாட்டியவற்றில் எத்தனை உண்மையிலேயே மோசடி என்பது. கைகாட்டியவை 62 + 8 = 70, அவற்றில் உண்மை 62. வகுத்தால் 88.6 விழுக்காடு. ரீகால் கேட்கும் கேள்வி, உண்மையில் நடந்த மோசடிகளில் எத்தனை மாடலிடம் சிக்கின என்பது. நடந்தவை 98, சிக்கியவை 62. வகுத்தால் 63.3 விழுக்காடு. முதலாவது வலது நெடுவரிசையின் கணக்கு, இரண்டாவது கீழ் வரிசையின் கணக்கு. நெடுவரிசையும் வரிசையும் சந்திக்கும் 62 இரண்டிலும் வருகிறது. இடது மேல் கட்டம் இரண்டிலும் வரவே இல்லை. படிக்க முடியாமல் போன அந்த `5.7e+04` நமக்குத் தேவைப்படாததன் காரணம் இதுதான். போலி மாடலை இதே அளவுகோலில் நிறுத்தினால் அதன் ரீகால் பூஜ்யம். அது எதையும் கைகாட்டாததால் பிரிசிஷனுக்குப் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருக்கிறது, அப்போது சைகிட்-லேர்ன் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு 0 என்று தருகிறது.

மாணவியின் மாடல் 'மோசடி' என்று அறிவிப்பதற்கு எடுத்துக்கொண்ட எல்லை 0.5. அதாவது மோசடிக்கான நிகழ்தகவு பாதியைத் தாண்டினால்தான் அது வாய்திறக்கும். இந்த எல்லை இயல்பாக வைக்கப்பட்ட ஒன்றே தவிர, மோசடிக்கென்று யோசித்து வைத்ததல்ல. எல்லையைக் கீழே இறக்கினால் மேலும் பல மோசடிகள் சிக்கும், கூடவே பொய் எச்சரிக்கைகளும் பெருகும். இப்படி இறக்கியதில் 84 மோசடிகள் சிக்கி, பொய் எச்சரிக்கைகள் 30 ஆகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். தவறவிட்டவை 14. மொத்தப் பிழைகள் 30 + 14 = 44. பழைய நிலையிலும் பிழைகள் 8 + 36 = 44 தான். ஆக, அக்யூரசி கடைசி இலக்கம்வரை அப்படியே நிற்கிறது. ஆனால் ரீகால் 63.3-இலிருந்து 85.7 விழுக்காட்டுக்கு ஏறுகிறது, பிரிசிஷன் 88.6-இலிருந்து 73.7 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. வங்கியில் இருப்பவருக்கு இவை இரண்டும் வேறுவேறு மாடல்கள். 22 மோசடிகளைக் கூடுதலாகத் தடுப்பதற்காக, 22 நல்ல வாடிக்கையாளர்களின் அட்டையைக் கூடுதலாக நிறுத்திவைத்து அவர்களுக்குத் தொலைபேசியில் விளக்கம் சொல்லத் தயாரா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். ஒரு மோசடியைத் தவறவிடுவதும் ஒரு பொய் எச்சரிக்கை தருவதும் ஒரே அளவு இழப்பு என்று அக்யூரசி எடுத்துக்கொள்கிறது. அப்படி நினைக்கும் வங்கி இருக்க முடியாது. இந்த எல்லையைத் தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் சோதனைப் பகுதியைத் தொடக்கூடாது. பயிற்சிப் பகுதியிலிருந்து தனியாக ஒதுக்கிய ஒரு துண்டில் பார்த்து முடிவுசெய்த பிறகே, சோதனைப் பகுதியில் ஒரு முறை அளக்க வேண்டும்.

அக்யூரசியின் குறையைக் கேள்விப்பட்டவர்கள் அடுத்து விழும் குழி ஒன்று உண்டு, அது இன்னும் ஆழமானது. அரிதான வகைதானே சிக்கல், இரண்டையும் சமமாக்கிவிடுவோம் என்று, 492 மோசடிகளோடு 492 நேர்மையான பரிவர்த்தனைகளை மட்டும் எடுத்து, பயிற்சியையும் சோதனையையும் அதற்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள். அந்தச் சிறிய சோதனையில் 98 மோசடிகளில் 90 சிக்கி, 98 நேர்மையானவற்றில் 2 மட்டும் தவறாக மாட்டினால், பிரிசிஷன் 90-ஐ 92-ஆல் வகுத்து 97.8 விழுக்காடு. பார்க்க மிக அழகாக இருக்கும். இதே மாடலை உண்மையான சோதனைப் பகுதிக்குக் கொண்டுவாருங்கள். 98-க்கு 2 என்ற அதே தவறு வீதத்தில், 56,864 நேர்மையான பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ 1,160 தவறாக மாட்டும். கைகாட்டியவை மொத்தம் 1,250, அவற்றில் உண்மையான மோசடி 90. பிரிசிஷன் 7.2 விழுக்காடு. மாடலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, அதைச் சுற்றியிருக்கும் நேர்மையானவர்களின் எண்ணிக்கைதான் மாறியது. ரீகால் மோசடிகளின் வரிசைக்குள்ளேயே கணக்கிடப்படுவதால் அது அசையாமல் நிற்கிறது. பிரிசிஷன் இரு வரிசைகளிலிருந்தும் எண்களை எடுப்பதால் கலவை மாறும்போதெல்லாம் மாறுகிறது. ஆகவே பயிற்சிப் பகுதியைச் சமப்படுத்துவது உங்கள் விருப்பம், சோதனைப் பகுதி மட்டும் உலகில் உள்ள விகிதத்திலேயே இருந்தாக வேண்டும். யாராவது காட்டும் அணியில் இரு வரிசைகளின் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய சமமாக இருந்தால், அந்தப் பிரிசிஷனை நம்புவதற்கு முன் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதி அனுப்பிய பிறகு மாணவி மற்றொரு மாடலின் அணியை அனுப்பினார். அதில் 65 மோசடிகள் சிக்கியிருந்தன, ரீகால் 66.3. முந்தையதைவிட இது மேல்தானே என்று கேட்டார். அப்படிச் சொல்ல இந்த 98 மோசடிகள் போதாது. இங்கே ஒரு மோசடி இப்படியோ அப்படியோ சாய்ந்தாலே ரீகால் ஒரு விழுக்காடு நகர்கிறது. 63.3 விழுக்காட்டுக்கும் 98 என்ற எண்ணிக்கைக்கும் திட்டப் பிழையை, அதாவது தற்செயலால் மட்டும் இந்த எண் எவ்வளவு ஆடும் என்பதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 5 விழுக்காடு வரும். இருபுறமும் அதைப் போல் இரு மடங்கு விட்டால், உண்மையான ரீகால் சுமார் 54-க்கும் 73-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அக்யூரசியைச் சாய்த்த அதே அரிதான தன்மை இங்கே ரீகாலையும் தள்ளாட வைக்கிறது, சோதனையில் 56,962 பரிவர்த்தனைகள் இருப்பது இதற்கு எந்த வகையிலும் உதவாது. தரவை ஐந்து பங்காகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு பங்கையும் ஒருமுறை சோதனையாக்கினால் 492 மோசடிகளும் ஒருமுறை சோதிக்கப்படும், திட்டப் பிழையும் சுமார் 2 விழுக்காடாகச் சுருங்கும். மூன்று விழுக்காடு வித்தியாசத்தைப் பற்றிப் பேச்செடுக்க அப்போதுதான் இடம் உண்டு. அவர் இப்போது அந்த ஐந்து அணிகளையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருக்கிறார், இம்முறை `fmt="d"` சேர்த்து.