கிராம மாணவர்களுக்கு உதவும் அமைப்பு: சிங்கப்பூரில் பெயர் பதியும் விதிகள்

தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ, பங்குகள் இல்லாமல் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் இயங்கும் 'உத்தரவாத வரம்புள்ள நிறுவனம்' ஒன்றைச் சிங்கப்பூரில் பதிய ஒரு குழு முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். யோசித்த பெயர்: 'நேஷனல் ரூரல் எஜுகேஷன் சேரிட்டி லிமிடெட்'. கேட்க எடுப்பாக இருக்கிறது. ஆனால் நன்கொடையாளர் கேள்வி கேட்கத் தொடங்கினால் ஒவ்வொரு சொல்லும் இடறும்.

முதலில் 'சேரிட்டி'. அறக்கொடையாகப் பதிவு பெற, அமைப்பின் நோக்கம் முழுவதுமாகவோ பெரும்பகுதியோ சிங்கப்பூர்ச் சமூகத்துக்குப் பயன்பட வேண்டும். நன்கொடைக்கு வரிக்கழிவு பெற்றுத் தரும் ஐபிசி தகுதிக்கும், அதில் நன்கொடையாளருக்கு 2026 இறுதி வரை கிடைக்கும் 250% வரிக்கழிவுக்கும் அமைப்பின் பணி சிங்கப்பூர்ச் சமூகத்துக்கே பயன்பட வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் உதவும் அமைப்புக்கு இவை வாய்க்காது. பெயரில் அந்தச் சொல் இருந்தால் கொடுப்பவர் வரிக்கழிவை எதிர்பார்ப்பார், அறக்கொடைகளின் அரசுத் தளமான charities.gov.sg-இல் தேடிக் கிடைக்காதபோது நம்பிக்கை போய்விடும்.

'நேஷனல்' என்பது அரசு அமைப்போ என்ற எண்ணத்தைத் தரும். 'எஜுகேஷன்' போன்ற சொற்கள் வந்தால் விண்ணப்பம் வேறு அரசு நிறுவனத்தின் கருத்துக்கு அனுப்பப்படலாம். அதற்கு 14 நாள் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம். கட்டாயம் வேண்டுமென்றால் சேர்க்கலாம், நன்கொடை விருந்துக்குத் தேதி குறித்துவிட்டுச் சேர்க்கக் கூடாது.

எஞ்சுவது 'ரூரல்'. எந்த ஊர் என்று அது சொல்லவில்லை. தேனி மாவட்டத்தில் மட்டும் உதவுவதாக இருந்தால் 'தேனி ரூரல் ஸ்டூடன்ட்ஸ் சப்போர்ட் லிமிடெட்' என்று வைக்கலாம். அடக்கமான பெயர்தான். ஆனால் பணம் எங்கே, யாருக்குப் போகிறது என்று கேட்காமலேயே சொல்லிவிடுகிறது. வேறு மாவட்டங்களுக்கு விரியும் எண்ணம் இருந்தால் மட்டும் 'தமிழ்நாடு' என்று அகலப்படுத்துங்கள்.

பெயரை நிறுவனப் பதிவுக்கான அரசு இணையதளமான பிஸ்ஃபைலில் தேடுங்கள். 'தி', 'லிமிடெட்' போன்றவற்றைச் சேர்ப்பதாலோ நீக்குவதாலோ இருக்கும் ஒரு பெயர் புதுப்பெயர் ஆகிவிடாது. பெயர் விண்ணப்பத்துக்கு 15 சிங்கப்பூர் வெள்ளி. ஒப்புதல் கிடைத்தால் 120 நாள் ஒதுக்கி வைப்பார்கள். நிறுவனப் பதிவுக்கு மேலும் 300 வெள்ளி. பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றச் சேவை வழியே கொடுப்பவர் அனுப்புமுன் திரையில் பெறுநரின் பெயரைப் பார்ப்பார். விளம்பரத்தாளில் சுருக்கப் பெயரும் திரையில் வேறு பெயரும் இருந்தால், மோசடியோ என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆகவே விளம்பரத்தாளிலும் முழுப்பெயரையும் நிறுவனத்தின் பதிவு எண்ணான யுஇஎன்-ஐயும் அச்சிடுங்கள்.

பெயர் பதிந்துவிட்டதால் பொதுமக்களிடம் வசூல் செய்யும் உரிமை வந்துவிடாது. வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுவில் நிதி திரட்ட, அறக்கொடை ஆணையரின் அனுமதி தனியே வேண்டும். பொது வசூலின் நிகரத் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்பது அதன் பொது விதி. தளர்வு வேண்டுமானால் ஆணையரிடம் கேட்க வேண்டும். தேனிக்கென்றே பெயர் வைத்தவர்கள் இதை முன்கூட்டியே பேசித் தெளிந்துகொள்வது அவசியம். தேனியில் பணம் பெறும் அறக்கட்டளைக்கும் வெளிநாட்டு நன்கொடைகளுக்கான இந்தியச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்த அறக்கட்டளையின் பெயரையே சிங்கப்பூர் நிறுவனத்துக்கும் வைத்தால், எந்த அமைப்புக்கு எந்த அனுமதி இருக்கிறது என்று கொடுப்பவருக்குப் பிரித்தறிய முடியாது.