“லொக் ஆகிடும்தானே சேர்” என்று சொல்பவர்களுக்கு: பாஸ்வேர்ட் ஸ்பிரேயிங்கும் கணக்குப் பூட்டும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் எந்த அலுவலகத்தில் கடவுச்சொல் பற்றிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். “மூண்டு தரம் பிழையா அடிச்சா லொக் ஆகிடும் சேர். எங்களுக்கு ஒண்டும் வராது.” இந்த மாதமும் அதே பதில். கடவுச்சொல்லைக் கேட்டால் `Kilinochchi@123`. அதே கட்டடத்தில் இன்னும் நாலு பேருக்கும் அதேதான். பெரிய எழுத்து இருக்கிறது, எண் இருக்கிறது, குறியீடு இருக்கிறது, ஆகவே சேர்வரும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்தப் பூட்டு எதற்காக வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எங்கே அது கைவிடுகிறது என்று விளங்கும். ஒருவருடைய கணக்கை எடுத்து, அதற்கு ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடித்துப் பார்ப்பது புரூட் போர்ஸ். கணக்குப் பூட்டு அதைத் தடுக்க வந்தது. அதை நன்றாகவே தடுக்கிறது. 10 பிழைக்கு 15 நிமிடம் பூட்டு என்று வையுங்கள். பூட்டு விழாமல் ஒரு சுற்றுக்கு 9 முயற்சி, ஒரு நாளைக்கு 96 சுற்று, மொத்தம் 864 முயற்சி. எழுந்தமானமாகத் தெரிவுசெய்த வெறும் 8 சிறிய ஆங்கில எழுத்துகளுக்கே ஏறத்தாழ 20,900 கோடி சேர்க்கைகள் உண்டு. இந்த வேகத்தில் எல்லாவற்றையும் அடித்து முடிக்க ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் போகும். அந்த வாசலால் யாரும் வரப்போவதில்லை.

ஸ்பிரேயிங் வேறு வாசல். வயலுக்கு மருந்தடிப்பதை நினைத்துப் பாருங்கள்: ஒரு பயிரில் டாங்கியைக் கவிழ்ப்பதில்லை, வயல் முழுக்க மெல்லிய தூவல். ஒரே ஒரு கடவுச்சொல்லை எடுத்து எல்லாக் கணக்குகளிலும் ஒவ்வொரு தடவை மட்டும் அடிப்பார்கள். பிறகு ஓய்வு. பிறகு அடுத்த கடவுச்சொல். எந்தக் கணக்கிலும் பிழை எண்ணிக்கை ஒன்றைத் தாண்டாது. மூன்று தடவை என்ற உங்கள் எல்லையை அவர்கள் தொடுவதே இல்லை.

ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். தலைமை அலுவலகம் கிளிநொச்சியில், கிளைகள் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும், மொத்தம் 180 கணக்குகள், எல்லாக் கணக்கையும் ஓரிடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளும் விண்டோஸ் டொமைன். டொமைனில் உள்ள எந்தச் சாதாரண ஊழியரின் கணினியிலிருந்தும் இந்தக் கட்டளையை அடிக்கலாம்:

```
net accounts /domain
```

வரும் பதிலில் இந்த மூன்று வரிகளும் இருக்கும்:

```
Lockout threshold:                     5
Lockout duration (minutes):            30
Lockout observation window (minutes):  30
```

உள்ளே ஒரு கணக்கு கைக்கு வந்துவிட்டால், பூட்டு விதி இரகசியமே இல்லை. மூன்றாவது வரியைத்தான் பலர் கவனிப்பதில்லை. கடைசிப் பிழையிலிருந்து 30 நிமிடம் கடந்துவிட்டால் அடுத்த பிழை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணப்படும் என்பது அதன் பொருள். ஆகவே 31 நிமிடத்துக்கு ஒரு தடவை தூவினால், ஒரு நாளில் ஒவ்வொரு கணக்கிலும் 46 கடவுச்சொற்கள், 180 கணக்குகளிலும் சேர்த்து 8,280 முயற்சிகள். ஒரு கணக்கும் பூட்டப்படாது. அந்த 46க்குள் என்னென்ன இருக்கும் என்று ஊகிக்க நிபுணர் தேவையில்லை: ஊர்ப்பெயரும் 123உம், நிறுவனத்தின் பெயரும் நடப்பு ஆண்டும், `Pongal@2025`, `Welcome@123`. 180 பேரில் ஒருவர் அதை வைத்திருந்தால் போதும். எல்லோருக்கும் ஒரே முதல் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு மாற்றச் சொல்ல மறந்த இடங்களில் ஒரு தூவலே போதும்.

இது சின்ன அலுவலகங்களின் பிரச்சினை என்றும் நினைக்கவேண்டாம். 2024 ஜனவரியில் மைக்ரோசொப்ட் தானே வெளியிட்ட சம்பவம் இதுதான். 2023 நவம்பர் பிற்பகுதியில் ஸ்பிரேயிங் மூலம் ஒரு பழைய சோதனைக் கணக்கு பிடிபட்டது, அதற்கு இரண்டாம் படிச் சரிபார்ப்பு இருக்கவில்லை. அங்கிருந்து தாக்கியவர்கள் மேலதிகாரிகள் சிலரின் மின்னஞ்சல் வரை போனார்கள். யாரும் பாவிக்காமல் கிடக்கும் கணக்குகளை மூடுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இப்போது என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விசயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதைக் கேட்டதும் பலர் செய்வது, ஐந்தை மூன்றாகக் குறைப்பது. தயவுசெய்து வேண்டாம். ஸ்பிரேயிங் ஒரு சுற்றுக்கு ஒன்றுதான் அடிக்கிறது. எல்லை ஐந்தானாலும் மூன்றானாலும் இரண்டானாலும் அதற்கு ஒன்றுதான். நீங்கள் குறைத்தது உங்கள் ஊழியர்களின் சகிப்பு எல்லையை மட்டும். அதோடு, உங்களை முடக்க நினைப்பவனின் வேலையையும் சுலபமாக்கிவிட்டீர்கள்.

பூட்டு விழுவதற்கு ஒருவர் உங்கள் கடவுச்சொல்லைத் தெரிந்திருக்கத் தேவையில்லை, உங்கள் பயனர் பெயர் தெரிந்தால் போதும். பயனர் பெயர் மின்னஞ்சல் முகவரியிலேயே இருக்கிறது. எல்லை ஐந்து என்றால் 180 பேரையும் பூட்ட 900 பிழை முயற்சி வேண்டும். மூன்று என்றால் 540. ஒரு சாதாரண லப்டொப் சில நிமிடத்தில் முடிக்கும் வேலை. 30 நிமிடத்தில் பூட்டு திறந்ததும் மறுபடி அனுப்பலாம். சம்பள நாள் காலை எட்டு மணிக்குச் செய்தால், கணக்காளரும் காசாளரும் திரைக்கு முன்னால் சும்மா இருப்பார்கள். யாரோ “பாதுகாப்பு கூடட்டும்” என்று `Lockout duration` ஐ 0 ஆக்கி வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 0 என்றால் நிர்வாகி வந்து திறக்கும்வரை பூட்டு. நிர்வாகியின் கணக்கும் அந்தப் பட்டியலில் இருந்தால், யார் யாரைத் திறப்பது?

மனிதர்களின் கணக்கு மட்டும் பூட்டப்படுவதில்லை. இரவில் பக்கப் எடுக்கும் கணக்கும், ஸ்கான் பண்ணியதைப் போல்டருக்கு அனுப்பும் பிரின்டரின் கணக்கும் அதே விதிக்குள்தான் இருக்கின்றன. பக்கப் கணக்கு பூட்டப்பட்டதை அன்றைக்கு ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். கோப்பு தொலைந்து, பக்கப்பைத் தேடும் நாளில்தான் தெரியவரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. முப்பது பேர் ஒரே நேரத்தில் போன் பண்ணி “திறந்து விடுங்கோ தம்பி” என்று கேட்கும் காலையில், முப்பத்தோராவது குரல் யாருடையது என்று யார் பார்க்கிறார்கள்? “கடவுச்சொல்லையும் மாத்தி விடுங்கோ, மறந்துபோச்சு” என்று அந்தக் குரல் சொன்னால், அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவோம். பூட்டைத் திறப்பதும் கடவுச்சொல்லை மாற்றுவதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதற்கு, அலுவலகப் பதிவில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே திரும்ப அழையுங்கள். அவர் தரும் இலக்கத்துக்கு வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சேர்வர் பதிவை ஒவ்வொரு ஆளாகப் பார்த்தால் ஸ்பிரேயிங் தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பிழை, யாருக்கும் நடப்பதுதான். குறுக்காகப் பார்க்கவேண்டும். டொமைன் கணக்குகளைச் சரிபார்க்கும் சேர்வரான டொமைன் கொன்ட்ரோலரில் 4771 என்ற நிகழ்வும் 0x18 என்ற பிழைக்குறியும் சேர்ந்து வந்தால், கடவுச்சொல் பிழை என்று அர்த்தம்.

```
07:10:01  4771  0x18  accounts1   10.0.4.27
07:10:02  4771  0x18  accounts2   10.0.4.27
07:10:02  4771  0x18  cashier1    10.0.4.27
07:10:03  4771  0x18  clerk1      10.0.4.27
```

ஒரே முகவரி, வினாடிக்கு ஒன்றிரண்டு, பெயர்கள் அகர வரிசையில். மனிதர்கள் இப்படிப் பிழை விடுவதில்லை. திங்கட்கிழமை காலையிலும் பலர் பிழையாக அடிப்பார்கள்தான், ஆனால் அவரவர் கணினியிலிருந்து, அடுத்த நிமிடமே சரியாக அடித்து உள்ளே போய்விடுவார்கள். இங்கே 31 நிமிடம் கழித்து அதே பட்டியல் மறுபடி ஓடும். அந்த வரிசையில் ஒரு பெயர் மட்டும் விடுபட்டிருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள்: பிழை பதிவாகாத கணக்கு, கடவுச்சொல் பொருந்திவிட்ட கணக்காக இருக்கலாம். வெளியிலிருந்து வருபவர்கள் முகவரியை மாற்றி மாற்றி அடிப்பார்கள். அப்போது முகவரியை விட்டுவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை வேறுபட்ட கணக்குகளுக்குப் பிழை விழுந்தது என்று எண்ணி, வழக்கமான நாளோடு ஒப்பிடுங்கள்.

பூட்டுப் பதிவு 4740. அதில் `Caller Computer Name` என்ற வரியில் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று இருக்கும். ஒருவர் மட்டும் அடிக்கடி பூட்டப்பட்டால் தாக்குதல் என்று ஓடவேண்டாம்; பெரும்பாலும் பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருக்கும் அவருடைய போன்தான். பல பேர் சில நிமிடத்துக்குள் என்றால் வேறு கதை.

செய்யவேண்டியது அதிகமில்லை. எல்லையை 10 ஆகவும், பூட்டுக் காலத்தையும், `Lockout observation window` என்ற எண்ணிக்கைக் காலத்தையும் 15 நிமிடமாகவும் வையுங்கள். கடவுச்சொல் குறைந்தது 14 எழுத்து. ஊர்ப்பெயர், நிறுவனப் பெயர், ஆண்டு, அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் தடைப்பட்டியலில் போடுங்கள். 30 நாளுக்கொருமுறை மாற்றச் சொல்லும் விதியை எடுத்துவிடுங்கள், அதனால் வருவது `Kilinochchi@124` மட்டும்தான். இரண்டாம் படிச் சரிபார்ப்பை எல்லோருக்கும் போடுங்கள், பணிப்பாளருக்கும் சேர்த்து.

ஆனால் இரண்டாம் படி இருந்தாலும் பூட்டுத் தாக்குதல் நிற்காது. பிழையான கடவுச்சொல் முதல் படியிலேயே எண்ணப்பட்டுவிடுகிறது. அதற்கு மருந்து, வெளியாரின் முயற்சி டொமைன் வரை வராமல் பார்த்துக்கொள்வதுதான். ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தால் இன்றைக்கே மூடுங்கள். வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் வரும் விபிஎன் வாசலில் கடவுச்சொல்லுக்கு முன்னால் கணினியின் சான்றிதழைக் கேட்கும்படி அமைத்தால், தெரியாத கணினி ஒரு பிழைகூட விடமுடியாது. அது முடியாவிட்டால், வெளி வாசலின் எல்லையை டொமைன் எல்லையைவிடக் குறைவாக வையுங்கள்: டொமைனில் 10 என்றால் வாசலில் 5. வெளியே வாசல் பூட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் காசாளர் வேலையைத் தொடர்வார். மைக்ரோசொப்ட் 365 பாவிப்பவர்களுக்கு இதில் ஓரளவு தானாகவே உண்டு. பழக்கமான இடத்திலிருந்து வரும் பிழையையும் புது இடத்திலிருந்து வரும் பிழையையும் அது தனித்தனியே எண்ணுகிறது.

எல்லோரும் பூட்டப்பட்ட காலை வந்தேவிட்டால், முதலில் எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள். திறந்த கணக்கு சில நிமிடத்தில் மறுபடி பூட்டப்படும். 4740இல் கணினியைப் பிடியுங்கள், அதை வலையமைப்பிலிருந்து கழற்றுங்கள், வெளியிலிருந்து என்றால் அந்த வாசலை மூடுங்கள். பிறகு பவர்ஷெல்லில் பூட்டப்பட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள்:

```
Search-ADAccount -LockedOut | Select-Object SamAccountName
```

பக்கப் கணக்கு அதில் இருந்தால் அதை முதலில் திறந்து, விடுபட்ட பக்கப்பை அன்றைக்கே ஓட விடுங்கள். அதன்பிறகு காசாளர்கள், பிறகு மற்றவர்கள்.